முப்பதாயிரம் முப்பத்து மூவாயிரம் ஆனது எப்படி?

கேள்வி: மத்திய அரசு ஓய்வூதியரின் பி.பி.ஓ.வில் அடிப்படை ஓய்வூதியம் 30,000 ரூபாய். 2024 மார்ச் மாத ஓய்வூதியமாக வங்கிக் கணக்கில் வரவானது 33,000. சரியா?

பதில்: வருமான வரிப் பிடித்தம் இல்லையென்றால், மிகச் சரி. கம்யூட்டேஷனுக்கு 40 சதவீதம் கொடுத்திருந்தால் 12,000 கழிந்து 18,000 மிஞ்சும். பலர் தடுமாறும் இடம் அடுத்தது: அப்போதைய 50 சதவீத அகவிலை நிவாரணம் இந்த 18,000-க்கு அல்ல, முழு 30,000-க்கும் உண்டு. ஆகவே 15,000 சேர்ந்து 33,000. வரவு 27,000 என்றிருந்தால் வங்கி மிச்சத் தொகைக்குக் கணக்குப் போட்டிருக்கிறது, பி.பி.ஓ. நகலுடன் எழுதிக் கேட்கலாம். பிடித்தம் தொடங்கி 15 ஆண்டு முடிந்ததும் அந்த 12,000 திரும்ப வர வேண்டும். டிசம்பர் மாத ஓய்வூதியம் வரவே இல்லையா? நவம்பரில் தர வேண்டிய வாழ்நாள் சான்றிதழைப் பாருங்கள். டிஜிட்டல் சான்றில் பி.பி.ஓ. எண் பிசகினாலும் நிராகரிப்புதான். சரியான சான்று சேர்ந்தபின் நின்ற தொகை நிலுவையாக வரும்.