நுகர்வோர் விவகாரத் துறைக்கு நெம்மேலியிலிருந்து ஒரு மனு

பெறுநர்: மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, புது தில்லி.
அனுப்புநர்: கிழக்குக் கடற்கரைச் சாலை, நெம்மேலியில் குடியிருக்கும் குடும்பத் தலைவி ஒருவர். இனி, மனுதாரர்.

பொருள்: ஆடித் தள்ளுபடியில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயின் உண்மை விலை தொடர்பாக.

ஐயா,

2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளை 2021இல் திருத்தி, கிராமுக்கு என்ன, மில்லிக்கு என்ன என்று உறையிலேயே அச்சிட வைத்தீர்கள். மனுதாரர் நன்றியுடையவர். 120 ரூபாய் போட்ட 200 மில்லி பாட்டிலைத் திருப்பினால் மில்லி 60 காசு என்று தெரிகிறது. ஆடியில் அந்த விலைக்கு விற்கும் கடைதான் கிடைப்பதில்லை.

மூன்று கடைகள் என்று வையுங்கள். முதல் கடையில் 30 சதவீதம் தள்ளுபடி. இரண்டாவதில் 300 ரூபாய்க்கு வாங்கினால் 100 ரூபாய் கழிவு. மூன்றாவதில் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். மூன்று இடத்திலும் பாட்டிலின் முதுகில் அதே 60 காசு, அரசாணை போல அசையாமல் நிற்கிறது.

மூன்று பாட்டில் தேவை என்றால் கணக்கு எளிது. முதல் கடையில் பாட்டில் 84 ரூபாய். இரண்டாவதில் 360இல் 100 போக 260, அதாவது பாட்டில் ஏறக்குறைய 87. மூன்றாவதில் 240ஐ மூன்றால் வகுத்தால் 80. இலவசம்தான் ஜெயிக்கிறது.

மனுதாரர் வீட்டுக்குத் தேவை இரண்டே பாட்டில். இப்போது இலவசக் கடையில் கொடுப்பது 240. மூன்றாவது பாட்டில் காறிப்போனால், தலையில் தேய்த்த இரண்டும் முழு விலைதான். நான்கு வாங்கினாலும் மூன்றுக்குக் காசு, பாட்டில் 90. மூன்றின் மடங்கில் எண்ணெய் தேய்க்கும் குடும்பங்களுக்கான சலுகை அது. முதல் கடையோ எத்தனை வாங்கினாலும் 84ஐ விட்டு நகராது. (பலகையின் மூலையில் பொடியாக ‘வரை’ என்று ஒரு சொல் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

தோற்றுப்போன நடுக்கடைக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. இரண்டு பாட்டிலோடு, எப்படியும் வாங்க வேண்டிய துவரம்பருப்பை 60 ரூபாய்க்குச் சேர்த்தால் பில் சரியாக 300. மூன்றில் ஒரு பங்கு கழிகிறது; பாட்டில் 80 ரூபாய்க்கே வந்துவிடும், காறிப்போக மூன்றாவது கிடையாது. ஆனால் அதே பில்லை 600க்கு இழுத்தால் கழிவு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி, பாட்டில் 100 ஆகிவிடும். அப்போது இரண்டு பில்லாகப் போடச் சொல்ல வேண்டும். கல்லாவில் இருப்பவர் முறைப்பார்.

ஆகவே, ஆளுயரத் தள்ளுபடிப் பலகை வைக்கும் கடைகள், கழிவு போக ஒரு பாட்டில் என்ன விலை, அந்த விலைக்கு எத்தனை வாங்க வேண்டும் என்பதையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் எழுத ஆணையிடுமாறு மனுதாரர் கேட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: பருப்பு பில், நகல் ஒன்று.