மறு உத்தரவு வரும்வரை

மாவட்ட அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றுப்பணிக்காரர் இருப்பார். சரியாகச் சொன்னால், இருக்க மாட்டார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் உண்டு. பெயருக்கு நேரே நாள்தோறும் ‘மா.ப.’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். நாற்காலி உண்டு, அதன் முதுகில் ஒரு துண்டும் உண்டு. சம்பளப் பட்டியலில் அவருடைய வரிசை எண் அசையாமல் இருக்கும். ஆளைப் பார்க்க வேண்டுமென்றால்தான் வேறு துறைக்குப் போக வேண்டும்.

அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். போன இடத்தில் மாடாய் உழைப்பார். அங்கிருக்கும் அதிகாரி நம் அதிகாரியைக் கூட்டத்தில் பார்க்கும்போதெல்லாம் “உங்க ஆளு தங்கம் சார்” என்பார். நம் அதிகாரி அந்தத் தங்கத்தை ஏழு வருடம் வைத்திருந்தவர். ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்துக்கொள்வார்.

இடமாறுதல் கேட்கிறவர் வேறு சாதி. அவருக்கு ஊர் வேண்டும். வீடு பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேட வேண்டும். வாரியத்துக்கோ கழகத்துக்கோ அயற்பணியில் போகிறவர் இன்னொரு வகை. அவருக்குச் சம்பளத்தைப் போகிற இடம் தர வேண்டும், ஓய்வூதியப் பங்களிப்பையும் அதுவே கட்ட வேண்டும். கோப்பு பல மேசை ஏறி இறங்கும். நம்மவருக்கு அத்தனை பேராசை கிடையாது. சம்பளம் இங்கே, பணிமூப்பு இங்கே, வேலை மட்டும் மூன்று மாதத்துக்குப் பக்கத்துத் தெருவில். போதும்.

இந்த எளிமையில்தான் சூட்சுமம் இருக்கிறது. சம்பளம் இங்கே வழங்கப்படுவதால் அந்தப் பணியிடம் காலி என்று ஆகாது. காலி இல்லாத இடத்துக்கு ஆள் கேட்டு எழுத முடியாது. ஆகவே நாற்காலி நிரம்பியிருக்கும், வேலை அனாதையாகக் கிடக்கும். மேலிடத்துக்கு அனுப்பும் பணியிட அறிக்கையில் நம்மவர் ஒரு முழு ஆள்.

நான் நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவன். மாற்றுப்பணி விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் முதலில் வரும். அதிலும் ஆ3 இருக்கை உதவியாளர் ஒருவர் கொடுத்தது இந்த இனத்துக்கே இலக்கணம். பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டு, உள்ளே இப்படி எழுதியிருந்தார்:

“தங்கள் அலுவலகத்தில் ஆ3 இருக்கையில் பணிபுரியும் நான், புதிய அனுபவம் பெறும் பொருட்டு, மூன்று மாத காலத்திற்கு, அதாவது 15.2 முதல் 15.5 வரை அல்லது மறு உத்தரவு வரும்வரை, மேற்படி துறையில் மாற்றுப்பணியில் பணிபுரிய அனுமதி வேண்டுகிறேன். எனது இருக்கையில் நிலுவை ஏதும் இல்லை. நான் செல்வதால் அலுவலகப் பணிகளுக்கு எவ்வித இடையூறும் ஏற்படாது. எனது பணிகளை ஆ2 இருக்கை உதவியாளர் கூடுதலாகக் கவனித்துக்கொள்வார்.”

உடன் இணைக்கப்பட்டிருந்தது அந்தத் துறையின் கோரிக்கைக் கடிதம். புள்ளிவிவரம் தொகுப்பதில் இவருக்குள்ள ‘நெடிய அநுபவம்’ தங்களுக்கு இன்றியமையாதது என்று அதில் கண்டிருந்தது. அனுபவத்தை ‘அநுபவம்’ என்று எழுதுகிறவர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் ஆ3 இருக்கையில் இருந்தார். தன் விண்ணப்பத்தில் ஜாக்கிரதையாகத் திருத்தியவர், அவர்கள் கடிதத்தில் கோட்டை விட்டுவிட்டார்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் விஷயம் விளங்கும். இந்த அலுவலகம் அவர் இல்லாமல் நடக்கும். அந்த அலுவலகம் அவர் இல்லாமல் நடக்காது. அவர் மேல் தவறில்லை. விண்ணப்பத்தின் அமைப்பே அப்படி. ‘நான் போனால் வேலை கெடும்’ என்று எழுதினால் அனுமதி கிடைக்காது. ‘கெடாது’ என்று எழுதினால், அப்படியானால் இத்தனை வருடம் இங்கே என்ன செய்தீர் என்று யாராவது கேட்கலாம். யாரும் கேட்பதில்லை. கேட்கிறவருக்கும் ஒருநாள் மாற்றுப்பணி வேண்டியிருக்கும்.

நான் அவரைக் கூப்பிட்டேன்.

“தேதியை எப்படிப் பிடிச்சீங்க?”

“சும்மா, தோணுச்சு சார். மாசி பொறக்குதில்ல.”

தோன்றவில்லை. 15.2 முதல் என்றால் நடுவில் மார்ச் வருகிறது. அரசு அலுவலகத்தில் மார்ச் மாதம் என்றால், ஒதுக்கீட்டில் செலவானது போக மிச்சத்தைக் கணக்குப் பார்த்து ஒப்படைக்க வேண்டும், பட்டியல்கள் கருவூலத்துக்குப் போக வேண்டும், 31ஆம் தேதி தாண்டினால் அந்த ஆண்டுப் பணம் அவ்வளவுதான். அந்த வேலையில் பாதி ஆ3 இருக்கையில் இருந்தது. விண்ணப்பத்தின் தேதியைப் பார்த்தே விண்ணப்பதாரர் எதிலிருந்து ஓடுகிறார் என்று சொல்லிவிடலாம். பிப்ரவரியில் கேட்டால் நிதியாண்டு முடிவு. தணிக்கைக் குழு வருகிறது என்று கடிதம் வந்த மறுவாரம் கேட்டால் தணிக்கை. அதிகாரி மாறிய பதினைந்தாம் நாள் கேட்டால் அதிகாரி.

அதோடு, 15.2 முதல் 15.5 வரை என்பது மூன்று மாதம் ஒரு நாள். மூன்று மாதம் 14.5 பிற்பகலோடு முடிகிறது. இது பொடி விஷயமாகத் தோன்றும். ஆனால் அந்த ஒரு நாள் அவர் எந்த அலுவலகத்தில் இருந்தார் என்று பின்னொரு காலத்தில் ஒரு தணிக்கையாளர் கேட்பார். அன்றைக்கு அவர் இரண்டு இடத்திலும் இருந்திருக்க மாட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கண்ணி ‘மறு உத்தரவு வரும்வரை’ என்ற மூன்று சொல். பார்க்க அடக்கமாக, அதிகாரத்துக்குப் பணிந்த மாதிரி இருக்கும். அந்த மறு உத்தரவைப் போட வேண்டியவர் மாறிப் போயிருப்பார். அடுத்து வந்தவருக்கு இப்படியொருவர் இருப்பதே தெரியாது. கோப்பு ஆ3 இருக்கையில் இருக்கும், அந்த இருக்கையிலோ ஆள் இல்லை. மூன்று மாதம் ஆறு வருடமாவது இப்படித்தான். மத்திய அரசின் பணியாளர் துறை இந்த நோயை அறிந்துதான் அயற்பணியில் போகும் தன் ஊழியர்களுக்கு 2006இலேயே எழுதிவைத்தது: காலம் முடியும் முன் எழுத்து மூலமாக நீட்டிப்பு வராவிட்டால், முடியும் நாளன்று அவர் விடுவிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். விடுவிப்பு ஆணை வரவில்லையே என்று உட்கார்ந்திருக்க முடியாது.

அடுத்து ஆ2 இருக்கையை விசாரித்தேன். அந்தம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு இருக்கை வேலை. விண்ணப்பத்தில் தன் இருக்கையைப் பார்த்ததும் நேரே ஆ3க்குப் போய் நின்றார்.

“அண்ணே, நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?”

“நீ மாட்டேன்னு சொல்ற பொண்ணா தாயி? அந்த நம்பிக்கையிலதான் எழுதினேன்.”

“நம்பிக்கையிருந்தா கேட்டிருக்கலாமே.”

“கேட்டா மாட்டேன்னுருவியே.”

‘நிலுவை ஏதும் இல்லை’ என்ற வரியைச் சோதிக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். தன்பதிவேட்டை வாங்கிப் பார்த்தால் போதும். வந்த தபாலெல்லாம் அதில் எண்ணோடு ஏறியிருக்கும். கடைசிக் கட்டத்தில் முடிவு எழுதாதது எல்லாம் நிலுவை. ஆ3இன் பதிவேட்டில் கடைசி இரண்டு பக்கம் முழுக்க ஒரே மையில், ஒரே சாய்வில் ‘முடிவு’ என்று இருந்தது. ஒரே மாலையில் அத்தனை கோப்பும் முக்தியடைந்திருந்தன. மேசையின் கீழ் அறையை இழுத்தேன், பாதியில் நின்றது. கையை உள்ளே விட்டால், முக்தியடைந்தவை அங்கே இருந்தன.

அவற்றைப் பிரித்துப் பார்த்ததில் மூன்று ரகம் தெரிந்தது. பதில் எழுதினால் தீர்ந்துவிடும் சாதாரணத் தபால்கள் முதல் ரகம்; யாரும் செய்யலாம். தேதி வைத்த வேலை இரண்டாவது. அதில்தான் ஓட்டுநர் ஒருவரின் ஓய்வூதியக் கருத்துரு இருந்தது. அவர் ஆகஸ்ட் 31இல் ஓய்வு பெறுகிறார். பணிப்பதிவேட்டில் இடையில் ஒரு காலத்துக்குப் பணிச் சரிபார்ப்புச் சான்று இல்லை. அதை வாங்கிச் சேர்த்தால்தான் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்ப முடியும். அந்தக் கருத்துரு கிடந்தால் செப்டம்பரில் ஓட்டுநர் வீட்டில் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. மூன்றாவது ரகம் கோப்பிலேயே இல்லாதது, ஆ3இன் தலைக்குள் இருப்பது: எந்த வழக்கில் அரசு வழக்கறிஞரிடம் எதிர்வாதவுரை நிற்கிறது, எந்த ஊர் அலுவலகத்துக்கு எழுதினால் பதில் வராது, யாரிடம் போனில் சொன்னால் வரும்.

“இதையெல்லாம் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. பணி பாதிக்காதுன்னு எழுதாதீங்க. எது பாதிக்கும், அதுக்கு என்ன ஏற்பாடுன்னு எழுதுங்க” என்றேன்.

“அப்படி எழுதினா விடுவாங்களா சார்?”

“எழுதாமக் குடுத்தா நான் விடமாட்டேன்.”

பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். 1.6 முற்பகல் முதல் 31.8 பிற்பகல் வரை, 1.9 முற்பகல், தனி ஆணையை எதிர்பாராமல் தாய் அலுவலகத்தில் பணியேற்பு. ஓட்டுநரின் கருத்துருவைக் கிளம்பும் முன் தானே அனுப்பிவிடுவது. சாதாரணத் தபால்கள் ஆ2க்கு, அவருடைய கையெழுத்தோடு கூடிய சம்மதத்துடன். அதற்கு ஈடாக ஆ2இன் காலமுறை அறிக்கைகள் இரண்டு ஆ5க்கு. வழக்குகளுக்காக வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும் இங்கே வருவது. அந்தத் துறை மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் வருகைச் சான்று அனுப்புவது. இந்தக் கடைசி வரியை நான் சேர்க்கச் சொன்னேன். சான்று வராவிட்டால் சம்பளம் போட முடியாது. அப்போது மட்டும் மாற்றுப்பணிக்காரருக்குத் தாய் அலுவலகத்தின் தொலைபேசி எண் ஞாபகம் வந்துவிடும்.

அந்த விண்ணப்பத்துக்கு ஒரே வாரத்தில் ஆணை கிடைத்தது. அதிகாரி கேள்வியே கேட்கவில்லை, கேட்க ஒன்றும் மிச்சமில்லை. முந்தைய தாள் போயிருந்தால் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பியிருப்பார். பேச நேரம் கிடைக்க மே மாதம் ஆகியிருக்கும்.

இவர்களுக்கு ஒரே ஒரு மாற்றுப்பணி மட்டும் பிடிக்காது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி, தேர்தல் வேலையில் இருப்பவர்கள் அறிவிக்கை வந்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை தேர்தல் ஆணையத்தில் அயற்பணியில் இருப்பதாகக் கொள்ளப்படுவார்கள். தொடக்கத் தேதி தெளிவு, முடிவுத் தேதி தெளிவு, விண்ணப்பமே வேண்டாம், புதிய அனுபவமும் நிச்சயம். அதற்கு மட்டும் நம்மவர் மருத்துவச் சான்றிதழோடு வந்து நிற்பார். முதுகுவலி.

ஆ3 சொன்னபடி செப்டம்பர் 1 காலையில் வந்துவிட்டார். நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஓட்டுநருக்கு ஓய்வூதிய ஆணை வந்துவிட்டிருந்தது. ஆ3 போன அதே வருடம் வேறு பிரிவிலிருந்து மாற்றுப்பணியில் போன இன்னொருவரின் ஆணையில் முடிவுத் தேதி இல்லை, ‘மறு உத்தரவு வரும்வரை’ என்றுதான் இருந்தது. அவரும் திரும்பி வந்தார், ஓய்வு பெறும் நாளன்று, மாலை போட்டுக்கொள்ள.