துகள் வந்த வழி

கேள்வி: காலையில் பாத்ரூம் வாஷ்பேசின் குழாயைத் திறந்ததும் கறுப்புத் துகள்கள் விழுகின்றன. டேங்கில் காக்கை செத்துக் கிடக்கும் என்கிறார் என் கணவர். திருஷ்டி என்கிறார் மாமியார். யாரை நம்புவது?
— ஓர் இல்லத்தரசி, நங்கநல்லூர்

பதில்: காக்கை என்றால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்திருக்கும். திருஷ்டி என்றால் வீட்டுக்கே பட்டிருக்கும். ஒரே ஒரு வாஷ்பேசினைத் தேர்ந்தெடுத்துக் கண் வைக்கும் அளவுக்கு இங்கே யாருக்கும் நேரமில்லை. எனவே இருவரையும் சமமாக மறுத்துவிடலாம். குடும்பத்தில் அமைதி நிலவும்.

ஒரு துகளை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்து விரலால் அழுத்தித் தேயுங்கள். மைபோல இழுபட்டு, விரலிலும் கறுப்பு ஒட்டிக்கொண்டு, சோப்பு போட்டாலும் லேசில் போகவில்லையா? அது அநேகமாக மக்கிப்போன ரப்பர். குழாய்க்குள் போகும் வாஷரும், ஹோஸின் உட்குழாயும் பெரும்பாலும் கறுப்பு ரப்பர்தான். உறுதிக்காக ரப்பரில் நுண்ணிய கரித்தூளைக் கலந்து வார்ப்பதால் வரும் நிறம் அது. தண்ணீரில் உள்ள குளோரின் வருடக்கணக்கில் ரப்பரின் மேற்பரப்பை அரிக்கும்போது, பிடித்து வைக்க ஆளில்லாத கரித்தூள் துணுக்குத் துணுக்காக வெளியே வருகிறது. சுடுதண்ணீரில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர். அதில் குளோரினே கிடையாது. ஆனாலும் கறுப்பாக வருகிறதே?
— போர் போட்டவர், திருப்பூர்

பதில்: உங்கள் வழக்கு வேறாக இருக்கலாம். சில ஊர்களில் நிலத்தடி நீரில் மாங்கனீஸ் கரைந்திருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் அது கறுப்பாகப் படியும். அந்தப் படிவும் விரலில் ஒட்டும் என்பதால் தேய்த்துப் பார்ப்பது மட்டும் போதாது.

மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் துகள்மேல் சில சொட்டு விடுங்கள். மாங்கனீஸ் படிவு என்றால் சரசரவென்று நுரைக்கும். ரப்பர் என்றால் சும்மா கிடக்கும். ஒரு எச்சரிக்கை: குழாய் வாயில் வளரும் கறுப்புப் பாசிப் பிசுக்கும் நுரைக்கும். அது வழவழவென்று நசுங்கும், வாடையும் இருக்கும். ஆகவே நுரைத்தால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். நுரைக்காவிட்டால் மாங்கனீஸைத் தைரியமாக விடுதலை செய்யலாம்.

ஆர்.ஓ. குழாயில் மட்டும், அதுவும் ஃபில்டர் மாற்றிய மறுநாள் கறுப்புப் பொடி வந்தால் அது கார்பன் ஃபில்டரின் தூள். முதலில் வரும் தண்ணீரை விட்டுவிட்டால் நின்றுவிடும்.

கேள்வி: மை டெஸ்ட் செய்தேன். ரப்பர்தான். பிளம்பர் வந்தார், பார்த்தார், “மிக்ஸரையே மாத்திடலாம் சார்” என்றார். மாற்றிவிடலாமா?
— சம்பளத்துக்குக் காத்திருப்பவர், மதுரை

பதில்: பொறுங்கள். உங்கள் குழாய் எந்த ரகம்? பல சுற்றுச் சுற்றித் திறக்கிற பழைய ரகம் என்றால் உள்ளே ஸ்பின்டிலின் அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். அது நைந்தால் துகளும் வரும், மூடிய பிறகு சொட்டவும் செய்யும். கால் சுற்றில் திறக்கும் குழாயிலும், ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரிலும் தண்ணீரை அடைப்பது பெரும்பாலும் இரண்டு பீங்கான் தகடுகள். அங்கே ரப்பர் என்று இருப்பது ஓரத்தில் சில வளையங்கள்தான். தினமும் கொத்துக் கொத்தாகத் துகள் தருமளவுக்கு அவற்றில் சரக்கு கிடையாது.

எனவே மிக்ஸரை விட்டுவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். சுவரிலுள்ள ஆங்கிள் வால்விலிருந்து மிக்ஸருக்குப் போகும், வெளியே எவர்சில்வர் பின்னல் போட்ட கனெக்‌ஷன் ஹோஸ்தான் என் சந்தேகப் பட்டியலில் முதலிடம். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே இருப்பது ரப்பர்.

குனிவதற்கு முன் மூன்றைக் குறித்து எனக்கு எழுதுங்கள். எந்தெந்தக் குழாயில் வருகிறது? சுடுதண்ணீரிலா, பச்சைத் தண்ணீரிலா? திறந்ததும் வருகிறதா, சற்றுக் கழித்தா? மூன்றாவதற்கு, இரவு முழுக்கப் பயன்படுத்தாத குழாயைக் காலையில் திறந்து, அடுத்தடுத்து ஐந்து டம்ளர் பிடித்து வரிசையாக வையுங்கள். காபிக்கு முன் செய்வது நல்லது. பிறகு யாராவது ஒரு டம்ளரை எடுத்துக் கழுவிவிடுவார்கள்.

கேள்வி: செய்தேன். வாஷ்பேசினில் சுடுதண்ணீர்ப் பக்கம் திருப்பினால் மட்டும் துகள். அதே கீசரிலிருந்து வரும் ஷவரும் வாளிக் குழாயும் சுத்தம். முதல் டம்ளரில் நிறைய, இரண்டாவதில் இரண்டு மூன்று, பிறகு ஒன்றுமில்லை. இப்போது?
— அதே மதுரைக்காரர் (சம்பளம் வந்துவிட்டது)

பதில்: வாழ்த்துகள், இரண்டுக்கும். ஷவர் சுத்தம் என்றால் கீசரும் அதன் ஹோஸ்களும் குற்றமற்றவை. பச்சைத் தண்ணீர் சுத்தம் என்றால் மேல் டேங்கும் குற்றமற்றது.

டம்ளர்களும் அதையே சொல்கின்றன. உங்கள் வாஷ்பேசின் ஹோஸ் ஒன்றரை அடி நீளம், உள்துளை 8 மில்லிமீட்டர் என்றால் அதில் நிற்கும் தண்ணீர் வெறும் 25 மில்லிக்குள். இரவெல்லாம் அதில் ஊறியது முதல் டம்ளரிலேயே வந்து தீர்ந்துவிடும். அரை அங்குலக் குழாயிலோ ஒரு மீட்டருக்குச் சுமார் 125 மில்லி நிற்கும். மூன்றாவது டம்ளரில்தான் துகள் தொடங்கியது என்றால், காரணம் மூன்று நான்கு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். இது தோராயக் கணக்குதான். ஓட்டத்தின் அதிர்வில் இடையிலும் ஒன்றிரண்டு உதிரும்.

மிச்சமிருப்பவர்கள் இருவர்: ஆங்கிள் வால்வு, ஹோஸ். முந்தைய இரவே கீசர் சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறியபின், காலையில் குழாயைத் திறக்கும் முன் ஆங்கிள் வால்வை மூடுங்கள். ஹோஸின் மேல்முனையை மிக்ஸரிலிருந்து கழற்றி ஒரு வெள்ளை மக்குக்குள் விட்டு, வால்வை மெதுவாகத் திறவுங்கள். துகள் வந்தால் மிக்ஸர் தப்பித்தது. மறுபடி மூடி, இன்னொரு இரவு ஊறவிட்டு, காலையில் ஹோஸின் கீழ்முனையையும் கழற்றி, வால்வின் வாயிலிருந்து நேராக மக்கில் பிடியுங்கள். இப்போது தெளிவாக வந்தால் ஹோஸ்தான். இங்கும் துகள் வந்தால் வால்வுக்குள் இருக்கும் வாஷர்.

ஹோஸ் என்று முடிவானால் தூக்கிப் போடுமுன் உள்ளே ஒரு காது சுத்தம் செய்யும் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். கறுப்பாக வெளியே வரும். அதைப் பிளம்பரிடம் காட்டலாம். மிக்ஸரைப் பற்றி மறுபடி பேச மாட்டார்.

கேள்வி: வாஷ்பேசினுக்குப் புது ஹோஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? பின்னல் கனமாக இருந்தால் போதுமா?
— ஹார்டுவேர் கடை வாசலில் நிற்பவர், சேலம்

பதில்: பின்னல் அழுத்தத்தைத் தாங்கத்தான், தண்ணீரைத் தொடுவது உள்ளே இருப்பது. முனையில் எட்டிப் பாருங்கள். பெக்ஸ் என்கிற வெளிர் நிறப் பிளாஸ்டிக் உட்குழாய் இருந்தால் அதிலிருந்து கறுப்புத் துகள் வர வழியே இல்லை. ரப்பர்தான் கிடைக்கிறது என்றால் ஈ.பி.டி.எம். என்று கேளுங்கள், குடிநீருக்கானது, சுடுதண்ணீர் தாங்கும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். கடைக்காரர் “எல்லாம் தாங்கும்” என்பது அச்சில் சேராது.

மாட்டும்போது நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரால் ஒரு கால் சுற்றுப் போதும். நீர் கசியாமல் காப்பது நட்டுக்குள் இருக்கும் வாஷர். அங்கே டெஃப்லான் டேப் சுற்ற வேண்டியதில்லை. பலம் காட்டி இறுக்கினால் வாஷர் வெட்டுப்பட்டு, நாளடைவில் அதுவே துகள் தரும். ஹோஸை மடக்கிச் சொருகவும் கூடாது. மடிப்பில்தான் ரப்பர் முதலில் வெடிக்கும்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்டில் எல்லா வீட்டிலும், எல்லாக் குழாயிலும் கறுப்புத் துகள். அத்தனை ஹோஸும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா?
— அசோசியேஷன் செயலாளர் (விருப்பமில்லாமல்), வேளச்சேரி

பதில்: பொதுவாக நடப்பதில்லை. எல்லோருக்கும் வந்தால் எல்லோருக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும்: மோட்டார் பக்கத்து நான்-ரிட்டர்ன் வால்வில் அடித்து அடித்து மூடும் ரப்பர் மடல், பிரஷர் பம்ப் இருந்தால் அதன் சிறு தொட்டிக்குள் உள்ள ரப்பர்ப் பை, மெயின் வால்வின் வாஷர். டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, மோட்டார் ஓடும்போதும் ஓடாதபோதும் தனித்தனியாகப் பாருங்கள்.

மறுபடி கெடாமல் இருக்க, டேங்கில் பிளீச்சிங் பவுடர் போடும் வாட்ச்மேனின் கையளவையும் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் வர, 25 சதவீத பிளீச்சிங் பவுடர் 4 கிராம் போதும். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் மிஞ்சியிருக்கக் கேட்பது குறைந்தது 0.2 மில்லிகிராம்தான். ஒரு கைப்பிடியாக 50 கிராம் விழுந்தால் அது பன்னிரண்டு மடங்கு. கிருமி சாவது நிச்சயம். கட்டடத்திலுள்ள அத்தனை வாஷரும் கூடவே உடன்கட்டை ஏறும்.

கேள்வி: ஹோஸை மாற்றிவிட்டேன். துகள் இன்னும் வருகிறதே!
— பொறுமை இழந்தவர், கோவை

பதில்: குழாய் வாயில் திருகியிருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவினீர்களா? பழைய சரக்கெல்லாம் அங்கே தங்கியிருக்கும். அதைக் கழற்றிய நிலையிலேயே குழாயை முழுக்கத் திறந்து ஓரிரு வாளி பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். அதன் பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் வந்தால், வேறொரு ரப்பர் பாக்கி இருக்கிறது. டம்ளர் வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

கேள்வி: இத்தனை நாள் இதைக் குடித்துவிட்டோமே, டாக்டரிடம் போக வேண்டுமா?
— கவலைப்படும் தகப்பனார், தஞ்சாவூர்

பதில்: ஒன்றிரண்டு துகள் வயிற்றுக்குள் போனதற்காக ஓட வேண்டாம், ரப்பர் செரிக்காமல் வெளியேறிவிடும். ஆனால் தொடர்ந்து குடிக்கவும் வேண்டாம். மலிவான ரப்பர் குடிநீருக்கென்று செய்யப்பட்டதல்ல. சிதைந்த பரப்பில் கிருமிகளும் வசதியாகக் குடியேறும். உண்மையான ஆபத்து வேறு: உள்ளே உதிரும் ஹோஸ் ஒருநாள் வெடிக்கும். அது நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன நாளாக இருக்கும். ஊருக்குப் போகும்போது மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.

கேள்வி: இந்தத் தண்ணீரில் தினமும் குளித்தால் கறுத்துவிடுவேனா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: சிவப்பாக்குவதாகச் சொல்லிக் காசு வாங்கிய களிம்புகளாலேயே முடியவில்லை. ஒரு ஓசி வாஷரிடம் இவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.