கோப்பின் மேல் தாள்

தொண்ணூறுகளில் திருப்பூர் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களில் எல்லாமே ஃபேக்ஸ்தான். வெளிநாட்டுக்கு ஒரு பக்கம் போவதற்குள் ஐ.எஸ்.டி. கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் அரைப் பக்கத்தில் விஷயத்தை முடிப்போம். ஆர்டர் கைமாறினால் கோப்பின் மேல் ஒரு தாள் குத்தித் தருவோம்: எது முடிவானது, எது பாக்கி, யார் என்ன செய்ய வேண்டும்.

இன்று மெயில் அனுப்பக் காசு செலவில்லை. நாற்பது மெயில்களின் சங்கிலி, 'கீழே பார்க்கவும்' என்ற ஒற்றை வரியோடு, சாயப்பட்டறைக்குப் புதிதாக வந்தவரிடம் போய்ச் சேர்கிறது. அனுப்பியவருக்கு மிச்சமான நேரம் படிப்பவர் தலையில் விழுகிறது.

ஒரு டி-ஷர்ட் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். நேவி புளூவுக்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் போகின்றன. பையர் முதலில் 'ஏ ஓகே' என்கிறார். பிறகு துணியை 160 ஜி.எஸ்.எம்.மிலிருந்து 180க்கு மாற்றும்போது பி-யைத் தேர்ந்தெடுக்கிறார். புதியவர் 'ஓகே' என்று தேடி, அந்த முதல் மெயிலை நம்பினால், முழு லாட்டும் தவறான ஷேடில் வந்து நிற்கும். ஏறிய அடர்நிறத்தை இறக்கி மறுபடி சாயமேற்றினால் துணியின் வலு குறையும்.

இதைத் தடுக்க, அனுப்பும் மெயிலின் மேலே இவ்வளவு போதும்:

நிலவரம், 12ஆம் தேதி:
முடிவானது: பாடி துணி 180 ஜி.எஸ்.எம்., ஷேடு பி (பையர் மெயில், 9ஆம் தேதி). ஷேடு ஏ ரத்து.
பாக்கி: கழுத்து ரிப்பின் சிவப்பு. பையர் பதில் வரவில்லை.
நீங்கள் செய்ய வேண்டியது: பாடி துணிக்கு மட்டும் சாயமேற்றி, முதல் லாட்டின் துண்டை 15ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். ரிப்புக்கு நாங்கள் சொல்லும்வரை காத்திருங்கள்.
இணைப்பு: 9ஆம் தேதி ஸ்பெக் ஷீட், பையரின் ஒப்புதல் மெயில்.

இதில் உயிரான வரி 'ஷேடு ஏ ரத்து' என்பதுதான். ரத்தான ஒப்புதல் கீழே அப்படியே கிடக்கிறது. மேலே சொல்லாவிட்டால் அதற்கு இன்னும் உயிர் இருக்கும். முடிவோடு யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதும் வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த ஒரு மெயிலை மட்டும் திறந்தால் போதும்.

எழுதுமுன் சங்கிலி கிளை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருவர் வெவ்வேறு மெயில்களுக்குப் பதில் போட்டிருந்தால், பையரின் கடைசிச் சொல் மற்ற கிளையில் இருக்கலாம். 'ரிப்ளை' கொடுத்தால் பழைய இணைப்புகள் கூடவே வராது. புதிதாகச் சேர்க்க வேண்டும். கீழே நம் விலைப் பேச்சு இருந்தால் சங்கிலியை அனுப்பாமல், சுருக்கத்தைப் புது மெயிலில் எழுதுங்கள்.

சங்கிலியை முழுக்கத் தெரிந்தவர் நீங்கள். அடுத்தவர் கைக்கு அனுப்புமுன் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த மேல் தாளை எழுதுங்கள்.