எஸ்டிமேட் ஐயா வாழ்க!

எங்கள் புதுக்கோட்டைக்குக் காவிரி வரப்போகிறது என்று 2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலைப் பக்கம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். மாயனூர் கதவணையிலிருந்து தெற்கு வெள்ளாறு, வைகை வழியாகக் குண்டாறு வரை 262 கிலோமீட்டர் கால்வாய்; 14,400 கோடி ரூபாய். வெள்ளாறு வரையிலான முதல் கட்டத்துக்கு மட்டும் 6,941 கோடி. ஏழாயிரம் என்று மொட்டையாகச் சொல்லிவிடாமல் அந்த நாற்பத்தொன்றையும் விடாமல் எழுதுகிற துல்லியம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு சால்வை போர்த்தலாம்.

நம் நாட்டில் எஸ்டிமேட் போடும் பெருமக்களின் முதல் சிறப்பு, அவர்களுடைய ஒருமுகச் சிந்தனை. வெட்ட வேண்டிய மண் இத்தனை கனமீட்டர், கான்கிரீட் இத்தனை, பாலம் இத்தனை. விலைவிகிதப் பட்டியலைப் பார்த்துப் பெருக்கினால் வேலை முடிந்தது. நில எடுப்பில் ஒரு சர்வே எண்ணின் பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கும், வாரிசுகளில் இருவர் சிங்கப்பூரில் இருப்பார்கள், மூன்றாமவர் கோர்ட்டுக்குப் போவார் என்பதெல்லாம் அந்தத் தூய கணக்கைத் தீண்டுவதில்லை. அவர்களுடைய கால்வாய்க்கு முன்னால் உலகத்தில் வேறு கால்வாய் வெட்டப்பட்டதே இல்லை.

கானெமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே இதற்குத் திட்டமிடல் மயக்கம் என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். உன் வேலையை உள்ளிருந்து பார்க்காதே, உன்னுடையதைப் போன்ற பழைய வேலைகளைத் திரட்டு, அவை எத்தனை மடங்கு எகிறின என்று பார், அந்த அளவுக்கு உன் தொகையை ஏற்று என்பது அவர்கள் சொன்ன வழி. ஃப்ளூவ்பியர் என்ற டேனிஷ்காரர் அதைக் கட்டுமானத்துக்குக் கொண்டுவந்தார். பிரிட்டன் போக்குவரத்துத் துறை 2004-லேயே கேட்டுக்கொண்டது. பாவம், அவர்களுக்குத் தன்னம்பிக்கை போதாது.

இங்கே திரட்டத் தொடங்கினால் மனம்தான் புண்படும். தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு 2009-ல் 369 கோடி என்று கிளம்பியது. சுமார் 1,060 கோடியில் 2025-ல்தான் நாட்டுக்கு அர்ப்பணமானது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2019-ல் 1,652 கோடி. 2021 இறுதியில் முடிய வேண்டியது 2024 ஆகஸ்டில் 1,916 கோடியில் திறக்கப்பட்டது. ஒன்று ஏறத்தாழ மூன்று மடங்கு, மற்றது ஆறில் ஒரு பங்கு கூடுதல்.

ஆனால் ஐயாவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அந்த 369 கோடியை ஆண்டுக்கு 6 சதவீத விலையேற்றத்தோடு 15 ஆண்டு உருட்டினால் சுமார் 885 கோடி ஆகிவிடும். செலவெல்லாம் கடைசி ஆண்டில் ஆகவில்லை என்பதால் இது தோராயம்தான். இருந்தாலும் ஏற்றத்தின் பெரும்பகுதியை மண்ணும் சிமெண்டும் தின்னவில்லை, காலண்டர் தின்றிருக்கிறது என்று தெரிகிறது. ரூபாயில் ஐயா ஓரளவு சரி, ஆண்டுகளில்தான் கவிஞர். ஆகவே பழைய வேலைகளை ஒப்பிடும்போது ஒரே ஆண்டின் விலைக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும், தாமதத்துக்கு என்று தனி வரிசை போட வேண்டும் என்று அந்த வெளிநாட்டு முறை வற்புறுத்துகிறது. ஐயாவுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை.

இரண்டு திட்டத்தை வைத்து எதையும் அளக்க முடியாது என்று ஐயா சொல்வதும் நியாயம்தான். உலகெங்கும் 245 பெரிய அணைகளை ஃப்ளூவ்பியர் குழு 2014-ல் அலசியது. விலையேற்றத்தைக் கழித்த பிறகும் சராசரியாக 96 சதவீதம் கூடுதல் செலவு. ஆனால் நடு எண் 27 சதவீதம்தான். சில அணைகள் பயங்கரமாக எகிறிச் சராசரியை இழுத்துவிட்டன. அணை வேறு, கால்வாய் வேறு. ஆனாலும் ஒரு பேச்சுக்குப் பொருத்திப் பார்த்தால் நம் 6,941 கோடி நடு எண்ணில் சுமார் 8,800 கோடி, சராசரியில் 13,600 கோடி. முதல் கட்டம் ஒன்றே மொத்தத் திட்டத்தின் விலையை எட்டிப் பார்த்துவிடும். இதைப் பட்ஜெட் கோப்பில் எழுதினால் எந்த அமைச்சர் அடிக்கல்லுக்குத் தேதி கொடுப்பார்?

ஐயாவின் கடைசி மேன்மையையும் சொல்லியாக வேண்டும். ஒப்பீட்டு முறை கட்டாயம் என்று என்றைக்காவது அரசாணையே வந்தாலும் அவர் அசரமாட்டார். அத்திக்கடவை மட்டும் எடுத்து வைத்து, தாமிரபரணியை ‘இது வேறு மண்’ என்று ஒதுக்குவார். பாதியில் நின்றுபோன திட்டங்கள் முடிவடைந்தவை பட்டியலில் எப்படியும் வராது, அவற்றை யாரும் கேட்கவும் மாட்டார்கள். கூட்டிக் கழித்து, 6,941 என்றே வரும்.