கதை அக்குள்ல இருக்கு தாயி

வா தாயி, உக்காரு. உன் கடைக்கு நீ எழுதி வச்சிருக்கிற "எங்கள் கதை"யை உங்கப்பன் போன்ல வாசிச்சுக் காட்டுனான். "மூன்று தலைமுறைக் கைவண்ணம்"னு ஆரம்பிக்குது. நான் ஒரு தலைமுறை, நீ ஒரு தலைமுறை. நடுவுல உங்கப்பன் உரக்கடை வச்சிருந்தானே, அதுல என்ன கைவண்ணம்னு மட்டும் யாரும் கேக்காமப் பாத்துக்க.

அதுக்கு மேல "பெண்மையின் கொண்டாட்டம்", "நூலிழையில் ஒரு கனவு"ன்னு என்னென்னமோ வந்துச்சு. ஜாக்கெட்டு எப்ப வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் வரல. தைக்கிறது ஜாக்கெட்டு, அதை மட்டும் விட்டுட்டியே!

திருப்பூர்ல படிச்சதை நல்லா விரிச்சு எழுதியிருக்க, இருக்கட்டும். நான் வேலைக்குப் போன கடையில வந்த உடனே காஜா எடுக்கணும். அப்புறம் கொக்கி வைக்கணும், அப்புறம் கைத்தையல், அதுக்கும் அப்புறந்தான் மிஷின். கட்டிங் மாஸ்டரு கத்திரியத் தொட்டா கை மேலயே ஸ்கேலு விழும். கோணத் தையல் போட்டா பிரிச்சுக்கலாம். கோண வெட்டுன துணிய எந்தச் சாமி ஒட்ட வைக்கும்? ஒங்க காலேஜுல மொத நாளே கத்திரியக் குடுத்துட்டாங்க, ஆனா வெட்டச் சொன்னது காகிதத்தை. அது நல்ல ஏற்பாடுதான், எங்க மாஸ்டருக்குத் தோணல. இப்ப உன் முன்னால இருக்கிறது காகிதம் இல்ல. சேலையோட ஒட்டி வர்ற எம்பது சென்டிமீட்டர் பிட்டு. முன்பக்கத்த கிராஸா வெட்டி, கைக்கு பார்டரும் வேணும்னா எங்க பத்தப் போவுது? அளவு எடுக்கிறப்பவே வாயத் தொறந்து சொல்லிரு. வெட்டுன பெறகு சொன்னா அது சண்டை.

சரி, போன வாரம் வந்த டீச்சரம்மா கதைக்கு வாரேன். நான் திண்ணையிலதான் கெடந்தேன், தூங்குறேன்னு நெனச்சிட்ட. "கை பிடிக்குதும்மா, போர்டுல எழுத முடியல"ன்னாங்க. நீ என்ன செஞ்ச? அக்குள் வளைவ இன்னும் அரை அங்குலம் கீழ தோண்டுனா லூஸாயிரும்னு சாக்கட்டிய எடுத்த. நான் இருமுனது அதுக்குத்தான்.

இடுப்பு மட்டத்துக்குச் சட்டையோட கைய ஒட்டி வச்சுத் தச்சிருக்குன்னு வச்சுக்க. கையத் தூக்குனா என்ன ஆவும்? சட்டை பூராவும் கூடவே கிளம்பும். அக்குள் வளைவு எவ்வளவு கீழ எறங்குதோ, அந்த அளவுக்கு ஜாக்கெட்டு அப்படித்தான் இழுக்கும். வளைவு அக்குளுக்குப் பக்கத்துல உக்காந்தா கை மட்டும் அசையும், ஒடம்புத்துணி அதுபாட்டுக்குக் கெடக்கும். பிடிக்குதுன்னா தோண்டுறது பாதித் தையக்காரனுக்குப் பழக்கம். அடுத்த தடவ அந்தம்மா போர்டுல எழுதுறப்ப ஜாக்கெட்டு மேல ஏறி நிக்கும், வாங்கிக் கட்டிக்கிறது நீ.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. போட்டுப் பாக்குறப்ப, கொண்டை போடுற மாதிரி கையத் தூக்கச் சொல்லு. கண்ண அடிப்பட்டியில வை. பட்டி மேல ஏறுனா வளைவு கீழ எறங்கியிருக்குன்னு அர்த்தம். பட்டி அசையாம மேல்கை மட்டும் இறுகுனா கையோட சுத்தளவுதான் பத்தல. ரெண்டுக்கும் மருந்து வேற.

டீச்சரம்மாவுக்குப் பட்டி ஏறுச்சு. நல்லவேளை, முதுகுல கழுத்து எறக்கமா இருந்துச்சு. கையப் பிரிச்சு எடுத்துட்டு, தோள்ப்பட்டைத் தையல்ல அரை அங்குலம் பிடிச்சா வளைவு மேல வந்துருச்சு. அதோட வேலை முடியல. முன்பக்க டாட்டும் கூடவே மேல போயிருக்கும், அதை எறக்கணும். நீளம் அரை அங்குலம் கொறையும், பட்டி மடிப்புல துணி இருந்தா எறக்கி விடலாம். வளைவு சின்னதாயிருச்சு, கைய அதுக்குத் தக்கபடி வெட்டி ஏத்தணும். ஒரு பொழுது பூராவும் போச்சு. அந்தம்மா கேட்டது என்னமோ "சும்மா ஒரு தையல் பிரிச்சு விடும்மா"ன்னு!

ஸ்டைலுன்னு நீ சொல்றியே, அதுவும் அங்கதான் இருக்கு. கையோட மேல்வளைவ உயரமா வெட்டுனா, கையத் தொங்கவிட்டு நிக்கையில ஒரு சுருக்கம் இருக்காது, போட்டோவுல ராணி மாதிரி இருக்கும். ஆனா தூக்க வராது. தணிச்சு வெட்டுனா தாராளமா தூக்கலாம், தொங்கவிட்டா அக்குள்கிட்ட ரெண்டு மடிப்பு விழும். கல்யாணப் பொண்ணு மணவறையில உக்காந்திருக்கப் போறா, அவளுக்கு உயரம் வை. போர்டுல எழுதுறவங்களுக்கும் பஸ்ஸுல கம்பியப் பிடிக்கிறவங்களுக்கும் தணிச்சு வை. மடிப்பப் பாத்து மொகம் சுழிச்சா, ஏன்னு சொல்லு. நீ வாசிச்சுச் சொன்னியே, ஸ்பெயின்ல மீன்பிடிக்கிற ஊர்ல பொறந்தவரு, அம்மாகாரி தையக்காரி... ஆங், பலென்சியாகா. 1937ல பாரீசுல கடை போட்டு 1968ல மூடுனவரு. கை சரியா உக்காரலேன்னா தச்சு முடிச்சதையும் பிச்செடுத்துட்டு மறுபடி ஏத்துவாராம். சீமாட்டிகளே தேடி வந்த கடை அது. நீ ஒரு டீச்சரம்மாவுக்குப் பிரிச்சதுக்கே மூணு தடவ பெருமூச்சு விட்ட.

அளவு ஜாக்கெட்ட மட்டும் நம்பாத தாயி. பழைய ஜாக்கெட்டு தொவச்சுச் சுருங்கியிருக்கும், இல்லன்னா உடுத்தி விரிஞ்சிருக்கும். அதைப் பாத்து வெட்டுனா பழைய தையக்காரனோட தப்பையும் சேத்துத் தச்சுக் குடுக்கிற. டேப்பையும் பிடி, அதையும் பாரு, ரெண்டும் எங்க ஒத்துப்போகலையோ அங்க கேள்வி கேளு.

நோட்டுல நீ நம்பர மட்டும் எழுதுற. டீச்சரம்மா நாள் தவறாம ஒரே தோள்ல பையப் போட்டுப் போட்டு, வலது தோள் ஒரு நூல் எறங்கியிருக்கு. அதை எழுது. அளவெடுத்த தேதியப் போடு. லைனிங்கத் தண்ணில நனைச்சு, காயவச்சுத் தேச்சு வெட்டுனியான்னு குறிச்சுக்க. நனைக்காத லைனிங்கு மொதத் தொவையல்ல சுருங்கி, மேல பட்டு கொசகொசன்னு நிக்கும். துணிக்கடைக்காரன யாரும் திட்ட மாட்டாங்க, உன்னைத்தான் திட்டுவாங்க.

இன்னொன்னு. ஓவர்லாக் மிஷின் வாங்கியிருக்கன்னு ஓரத்தையெல்லாம் ஒட்ட வெட்டித் தள்ளுற. உள்பக்கம் சுத்தமா இருக்குதாம். ஒவ்வொரு பக்கத் தையல்லயும் ஒரு அங்குலம் துணி விட்டுரு. பின்னால தையல அரை அங்குலம் தள்ளிப் போட்டா முன்னுக்கு அரை, பின்னுக்கு அரைன்னு ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குலம் வரும், ரெண்டு பக்கமும் சேந்து சுத்தளவுல ரெண்டு அங்குலம். கைத் தையல்லயும் கொஞ்சம் விடு, இல்லன்னா அக்குள்ல வந்து முட்டும். கல்யாணத்துக்குத் தச்சவ பிள்ளையப் பெத்துட்டு அதே பட்டு ஜாக்கெட்டத் தூக்கிக்கிட்டு வருவா பாரு. பிரிச்சு விட்டுக் குடு, காசு கம்மியா வாங்கு. பிள்ளைக்குக் காது குத்துறப்ப வேற கடைக்குப் போறாளான்னு பாப்போம்.

தீவாளி நெருங்குது. "நாளைக்கு வாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னால எத்தன உருப்படி கெடக்குன்னு எண்ணிக்க. எனக்கு அந்தப் பழக்கம் கெடையாதுன்னு உங்க பாட்டி சொன்னா நம்பிராத, அவ ஜாக்கெட்டு மட்டுந்தான் லேட்டு.

என்ன, மிஷினுக்கு முன்னால என்னை உக்கார வச்சு எடுத்த படத்தைக் கதைக்கு மேல போடப் போறியா? தாராளமா போடு. ஆனா "தாத்தா தன் கையால தைத்த சட்டையில்"னு கீழ எழுதியிருக்கியே, அதை மட்டும் அழிச்சிரு. அந்தச் சட்டை உங்கப்பன் ஆடித் தள்ளுபடில வாங்கித் தந்த ரெடிமேடு.