பண்ணிக்கலாம்ங்க

திருப்பூர் பனியன் சப்ளையரிடம் சின்னக் கடைக்காரர் கேட்பது மூன்றே கேள்விதான். மொத்தமாக எடுத்தால் என்ன விலை, குறைந்தது எத்தனை பீஸ் எடுக்க வேண்டும், எத்தனை நாளில் சரக்கு கைக்கு வரும். மூன்றுக்கும் அவரிடம் பதில் ஒன்றே. விலையா? "பார்த்துப் பண்ணிக்கலாம்ங்க." குறைந்தபட்சமா? "அதெல்லாம் பண்ணிக்கலாம்ங்க." நாளா? "சீக்கிரமே பண்ணிக்கலாம்ங்க." இலக்கணப்படி பார்த்தால் இதில் எழுவாய் தோன்றா எழுவாய். யார் பண்ணுவது என்று கிடையாது. எப்போது என்று கிடையாது, எத்தனை என்றும் கிடையாது. பயனிலை மட்டும் இருக்கிறது, அதையும் பயன் இலை என்று பிரித்துப் படிப்பதே பொருத்தம். ஆனாலும் அந்தக் கடைசி 'ங்க'வில் இருக்கும் மரியாதையைக் கேட்டுவிட்டு, பேச்சு முடிந்துவிட்டது, சரக்கு லாரியில் ஏறிவிட்டது என்ற நிம்மதியோடு போனை வைக்காதவர் குறைவு. கொஞ்சம் விடாப்பிடியான ஆள், "இல்லைங்க, ரேட் எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று மடக்கினால், "எத்தனை பீஸ்ங்ணா வேணும்?" என்பார். ரேட்டைப் பொறுத்துத்தான் பீஸ் என்றால், பீஸைப் பொறுத்துத்தான் ரேட் என்பார். முதலில் எண்ணைச் சொல்பவர் தோற்றவர் என்பது போல இருவரும் நிற்பார்கள். கடைசியில் கடைக்காரர்தான் தோற்று, "முந்நூறு" என்பார். "பண்ணிக்கலாம்ங்க."

இவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். அது சரியுமில்லை. மூன்று கேள்வியும் உண்மையில் ஒரே முடிச்சு, அந்த முடிச்சு கிடப்பது இவருடைய கட்டிடத்திலேயே இல்லை, சாயப்பட்டறையில். புதுக்கோட்டையில் ஒரு சின்னக் கடைக்கு 180 ஜிஎஸ்எம் துணியில் 300 ரவுண்ட் நெக் டி-சர்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக் கழிவு, கழுத்து ரிப் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ துணியில் ஐந்து பீஸ் தேறும் என்று பிடித்தால், மொத்தம் 60 கிலோ. அத்தனையும் ஒரே நிறம் என்றால் ஒரு சிறிய சாய மெஷினுக்கு அது ஒரு ஈடு. தாராளமாக ஓட்டலாம். ஆனால் கடைக்காரர் கேட்பது மெரூன் 100, பாட்டில் கிரீன் 100, மஸ்டர்ட் 100. இப்போது அது 60 கிலோ அல்ல, மூன்று இருபது கிலோ. மெஷினில் 20 கிலோ போட்டாலும் ஆளும் நேரமும் ஏறக்குறைய முழு ஈட்டுக்கு ஆவதுதான். ஆகவே குறைந்தபட்சம் என்பது பீஸில் இல்லை, நிறத்துக்கு இத்தனை கிலோ என்பதில் இருக்கிறது. 300 பீஸ் எடுக்கும் கடை, பட்டறையின் கணக்கில் மூன்று தனித்தனிச் சில்லறை ஆர்டர். இந்த ஒரு வரியைச் சொன்னால் கடைக்காரர் மஸ்டர்டை அங்கேயே கைவிட்டிருப்பார். அல்லது சாயமேற்றி ரெடியாகக் கிடைக்கும் கறுப்பு, நேவி என்று மாறியிருப்பார். அப்படி மாறினால் குறைந்தபட்சம் என்ற பேச்சே பெரும்பாலும் போய்விடும். இவர் சொல்வதில்லை. சொன்னால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயம்.

சொல்லாமல் என்ன செய்கிறார்? காத்திருக்கிறார். மஸ்டர்ட் கேட்டு இன்னொருவர் வருவார், இரண்டையும் சேர்த்து ஒரே ஈடாகப் போட்டுவிடலாம் என்று. இவருடைய இரண்டாவது புகழ்பெற்ற வாக்கியம் இங்கேதான் பிறக்கிறது: "டையிங்ல இருக்குங்க." அப்படியென்றால் பல நேரம் டையிங்கில் இல்லை என்று பொருள். உங்கள் 20 கிலோ துணி சாயமேறாமல் ஒரு மூலையில் ஜோடி தேடி உட்கார்ந்திருக்கிறது. வரன் அமையும்வரை பெண்ணைப் பற்றிக் கேட்பவர்களிடம் "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று சொல்லும் தகப்பனின் குரல்தான் அவருக்கும். அந்த நேரத்தில் அவர்மீது இரக்கம்கூட வரும். உண்மையில் அவர் உங்களுக்காகத்தான் அலைகிறார், சில்லறை ஆர்டரைப் பெரிய ஆர்டரின் முதுகில் ஏற்றி அனுப்பப் பார்க்கிறார். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி உங்கள் முந்நூறு பீஸுக்குப் போனையே எடுக்காது.

நாள் கணக்கிலும் இதே கதை. விடாமல் கேட்டால் "பத்து நாள்" என்பார், அது பொய்யில்லை. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று அவர் கூரைக்குக் கீழே நடக்கும் வேலைக்குப் பத்து நாள் போதும். நூல் வந்து நிட்டிங்கில் துணியாகி, சாயம் ஏறி, காம்பேக்டிங் முடிந்து அவரிடம் திரும்பும் வரையுள்ள நாள்கள் அடுத்தவர் பட்டறையில் கழிகின்றன. ஆகவே அவர் கணக்கில் அவை நாள்களே அல்ல. கடைக்காரர் அட்வான்ஸ் போட்ட மதியத்திலிருந்து எண்ணுகிறார், இவர் துணி வந்த காலையிலிருந்து எண்ணுகிறார். நடுவில் இரண்டு வாரம் யாருடைய நாட்காட்டியிலும் ஏறாமல் காணாமல் போகிறது. முடிவிலும் இப்படித்தான்: அவருக்கு டெலிவரி என்றால் பார்சல் ஆபீஸில் மூட்டையை இறக்குவது, கடைக்காரருக்கு ஷட்டர் முன்னால் வந்து விழுவது.

அவர் பக்கம் பேசுபவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: நூல் விலை நிலையில்லாதது, எப்படித் துணிந்து ரேட் சொல்வது? ஆனால் மில்கள் வழக்கமாக மாதத் தொடக்கத்தில்தான் நூல் விலையை அறிவிக்கின்றன. "இந்த மாசக் கடைசி வரைக்கும் இந்த ரேட், ஜிஎஸ்டி தனி, லாரி வாடகை தனி" என்று சொல்ல என்ன தடை? இன்னொரு சமாதானம், சொன்ன ரேட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் பேரம் பேசுவார்கள் என்பது. பேசத்தான் செய்வார்கள், அதில் தப்பில்லை. ஆனால் எந்த ஜிஎஸ்எம், என்ன நூல், பிரிண்ட் உண்டா, பாலிதீன் கவர் சேர்த்தா என்று சொல்லாத ரேட்டை வைத்து எவரும் பேரம் பேச முடியாது. விவரத்தோடு சொன்ன ரேட்டோ அவரையே காப்பாற்றும். அடுத்த தெருக்காரர் குறைத்துக் கொடுத்தால், துணியில் நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டித் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். 180 ஜிஎஸ்எம் என்றால் 1.8 கிராம் நிற்க வேண்டும். 1.6 நின்றால் குறைந்த விலை எங்கிருந்து குறைந்தது என்று தெரிந்துவிடும்.

கடைக்காரர்மேலும் குறை இருக்கிறது. "டி-சர்ட் ரேட் என்னங்க" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். நிறத்துக்கு எத்தனை, எந்தெந்த சைஸில் எத்தனை, சாம்பிள் ஓகே சொன்ன நாளிலிருந்தா துணி வந்த நாளிலிருந்தா கணக்கு என்று எழுதி அனுப்பிவிட்டுக் கேட்டால், அவருக்கு ஒளிய இடம் குறையும். இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் ஒரு புகார் மிச்சமிருக்கிறது, அதற்கு அவரிடம் சமாதானம் இல்லை. முடியாது என்று அவருக்கே தெரிந்த நாள் ஒன்று வரும். மஸ்டர்டுக்கு ஜோடி கிடைக்கவில்லை, வடமாநிலத் தையல்காரர்கள் ஊருக்கு ரயிலேறத் தொடங்கிவிட்டார்கள், தீபாவளிக்கு மூன்று வாரம்தான். அன்று ஒரு போன் போட்டு "முடியாதுங்க" என்றால், கடைக்காரர் ஈரோட்டுச் சந்தைக்கு ஓடி வேறு சரக்கு பிடித்திருப்பார். அன்றும் "பண்ணிக்கலாம்ங்க" என்றார் பாருங்கள், அது மரியாதையில்லை. சொன்னபடியே பண்ணியும் விடுவார். தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் பார்சல் ஆபீஸிலிருந்து போன் வரும், மூன்று மூட்டை வந்திருக்கிறது, வாடகை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று.